மாம்பலம் ஏரிக்கு ஒரு நூலடைவு

ஆராய்ச்சி நெறிமுறைகள் என்னும் பாடத்தைப் பயிலும் முதுகலை மாணவர், தம் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத் தொடங்குமுன், குறிப்புரையுடன் கூடிய நூலடைவு ஒன்றை எழுதித் தரவேண்டும் என்பது இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வழக்கமாகிவிட்டது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பிடம், பதிப்பாளர், ஆண்டு ஆகிய விவரங்களைத் தந்து, அவற்றின் கீழே நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் அந்நூல் என்ன சொல்கிறது, எந்த ஆதாரத்தின்மேல் நின்று சொல்கிறது, எடுத்துக்கொண்ட கேள்விக்கு அஃது எவ்வளவு தூரம் பிரயோஜனப்படும் என்று எழுதுவதே அதன் இலக்கணம். இலக்கணம் எளிது, ஆயினும், நூலின் முன்னுரையிலோ பின்னட்டையிலோ இருப்பதைச் சுருக்கி, இறுதியில் ‘இது மிகவும் பயனுள்ள நூல்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுவதே பெரும்பான்மை மாணவர்களின் கைமுறையாக இருக்கிறது. அது ஏன் குறிப்புரை ஆகாது என்பதைப் பொதுவிதிகளால் விளக்குவதைவிட, நமது நகரத்தின் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குரிய ஆதாரங்களை ஒவ்வொன்றாக மதிப்பிட்டுக் காட்டுவதே தெளிவு தரும்.

நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே மாம்பலம் வழியாக நீண்டு கிடந்த பேரேரி, ஆங்கிலேயர் தம் படங்களில் ‘லாங் டாங்க்’ என்று குறித்த அந்நீர்நிலை, எவ்வாறு தியாகராய நகராயிற்று? நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய அந்நகரில், பனகல் அரசரின் பெயரால் ஒரு பூங்காவும், டாக்டர் நாயர், உஸ்மான், ஹபிபுல்லா முதலியோர் பெயரால் சாலைகளும் இன்றும் இருக்கின்றன. ரயில் பாதைக்கு மேற்கே ‘லேக் வியூ’ சாலை என்ற பெயரும் அழியவில்லை. ஏரி இருந்தது, நகர் வந்தது என்பதை மயிலாப்பூர்வாசிகளும் மாம்பலவாசிகளும் அறிவர். எப்போது, யாருடைய முடிவால், எந்தப் படிகளில் வந்தது என்று கேட்டால், 1923 என்றும் 1925 என்றும் கூறுவதோடு நின்றுவிடுகிறோம்.

நூலடைவைத் தொடங்குமுன் கேள்வியைப் பகுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர் எழுதும் குறிப்புரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ‘தியாகராய நகர் உருவானது’ என்பது ஒரு சம்பவம் அன்று. குடியிருப்பு அமைப்பதென்று அரசோ நகராட்சியோ தீர்மானித்தது ஒரு சம்பவம். நிலத்தைக் கையகப்படுத்தியது மற்றொன்று. ஏரியின் நீரை வடித்தது வேறொன்று. மனைகளாகப் பிரித்து விற்றதும், வீடுகள் எழுந்து மக்கள் குடியேறியதும் அதற்கும் பின்னர் நிகழ்ந்தவை. ஒரு நூல் 1923 என்றும் மற்றொன்று 1925 என்றும் சொன்னால், இருவரில் ஒருவர் தவறினார் என்று முடிவு கட்டுவதற்கில்லை. இருவரும் வெவ்வேறு சம்பவங்களுக்கு ஆண்டு சொல்லியிருக்கலாம். ஆகவே, ஒவ்வொரு குறிப்புரையும் விடைசொல்ல வேண்டிய முதல் வினா, இந்த ஆதாரம் மேற்கண்ட சம்பவங்களில் எதற்குச் சாட்சி என்பதே. வழக்குமன்றத்தில் சாட்சி நல்லவரா என்று கேட்பதற்கு முன்னர், அவர் அவ்விடத்தில் இருந்தாரா என்று கேட்பார்கள் அல்லவா? நூல்களிடமும் அதே வரிசையில்தான் கேட்கவேண்டும்.

சென்னை சரித்திரம் எழுதப் புகுவோர் எவரும் முதலில் எடுப்பது ஹென்றி டேவிசன் லவ் எழுதிய ‘வெஸ்டிஜஸ் ஆப் ஓல்ட் மெட்ராஸ்’ என்னும் நூல். 1913-இல் லண்டனில் ஜான் மரே பதிப்பகத்தார் வெளியிட்ட மூன்று தொகுதிகளும், தனியே ஒரு சொல்லடைவுத் தொகுதியும் கொண்ட மகத்தான கிரந்தம். கோட்டையிலும் லண்டனிலும் இருந்த கம்பெனிக் காகிதங்களை நேரில் படித்து எழுதப்பட்டது. இதற்கு மாணவர் ஒருவர் வழக்கமாக எழுதும் குறிப்புரை இவ்வாறு இருக்கும்: ‘சென்னையின் வரலாற்றை விரிவாகக் கூறும் இந்நூல் ஏராளமான ஆதாரங்களைக் கொண்டது, ஆய்வாளர்க்கு இன்றியமையாதது.’ இதில் பிழை ஒன்றுமில்லை; பயனும் ஒன்றுமில்லை. நமது கேள்விக்கு எழுதவேண்டிய குறிப்புரை வேறு: ‘நூலின் தலைப்பே 1640 முதல் 1800 வரை என எல்லை வகுத்துவிடுகிறது, நூல் வெளிவந்ததும் மாம்பலம் திட்டத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு. எனவே ஏரி நகரானதற்கு இது சாட்சியன்று. ஏரியைச் சூழ்ந்த கிராமங்கள் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்த முறையையும், பழைய படங்களில் நீர்நிலைகள் குறிக்கப்பட்ட விதத்தையும் அறிய மட்டும் பயன்படும். ஆதாரங்கள் கம்பெனியாருடையவை ஆதலின், கிராமத்தாரின் நீர்ப்பாசன உரிமை குறித்து இதன் மௌனத்தை ஆதாரமாகக் கொள்ளலாகாது.’ இந்த நான்கு வாக்கியங்களில் நூலின் பெருமை சிறிதும் குறையவில்லை. ஆனால் ஆய்வாளர் அதை எந்தப் பக்கத்தில் மேற்கோள் காட்டலாம், எந்தப் பக்கத்தில் கூடாது என்பது தீர்ந்துவிட்டது.

லவ் நின்ற இடத்துக்குப் பின்னர் வரும் நூற்றாண்டுக்கு இரண்டு ஆய்வுக்கட்டுரைகள் உதவும். 1975-இல் சூசன் லெவண்டாவ்ஸ்கி எழுதியது 1860 முதல் 1900 வரையான நகராட்சி நிர்வாகத்தைப் பற்றியது. 1979-இல் சூசன் நீல்ட் எழுதியது, நகர எல்லைக்குள்ளேயே வயல்களும் ஏரிகளும் கிராமங்களும் சிதறிக் கிடந்த சென்னையின் விசேஷமான அமைப்பைப் பற்றியது. இவற்றுள் நமக்கு நெருங்கியது நீல்டின் கட்டுரை. ஏரியை ஒட்டிய நிலம் இருபதாம் நூற்றாண்டு வரை ஏன் வெறுமையாகக் கிடந்தது என்பதற்குப் பின்னணி அதில் இருக்கிறது. இரண்டுக்கும் தலா ஐந்தாறு வரிகள் போதும். எல்லா நூலுக்கும் ஒரே நீளத்தில் குறிப்புரை எழுதவேண்டும் என்று ஒரு விதி இருப்பதுபோல் மாணவர்கள் நினைக்கிறார்கள். அளவின் உச்சவரம்புதான் விதி, சமநீளம் அன்று.

நிதானித்து மதிப்பிட வேண்டியது ஹெச்.வி. லான்செஸ்டர் எழுதி 1918-இல் வெளியான ‘டவுன் பிளானிங் இன் மெட்ராஸ்’. ஆங்கிலேயக் கட்டடக்கலைஞரும் நகரமைப்பு நிபுணருமான லான்செஸ்டர் சென்னை அரசாங்கத்துக்கு ஆலோசகராக வந்தவர். இரண்டாண்டுகள் கழித்து, 1920-இல், சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. ஆண்டுகள் இவ்வளவு நெருங்கி நிற்பதைக் கண்டவுடன், லான்செஸ்டரின் நூலால் சட்டம் வந்தது, சட்டத்தால் மாம்பலம் வந்தது என்று ஒரு சங்கிலி மனத்தில் தானே கோத்துக்கொள்கிறது. நல்ல குறிப்புரை அச்சங்கிலியை அவ்விடத்திலேயே நிறுத்திவைக்கும். இந்நூல் ஒரு யோசனைத் தொகுப்பு. என்ன செய்யலாம் என்று சொல்வது, என்ன செய்தார்கள் என்று சொல்வதன்று. அதன் பார்வை சென்னை நகரத்தோடு நிற்காமல் ராஜதானி முழுவதையும் தழுவியது. ஆகையால் ‘அக்காலத்து அதிகார வட்டத்தில் குடியிருப்பு விஸ்தரிப்பைக் குறித்து நிலவிய எண்ணங்களுக்கு நேரடிச் சாட்சி, மாம்பலத்தில் அவ்வெண்ணங்கள் நிறைவேறியதற்குச் சாட்சியன்று, நூலுக்கும் திட்டத்துக்கும் உள்ள தொடர்பை அரசாணைகளின் துணையின்றி உறுதிசெய்தல் கூடாது’ என்று எழுதவேண்டும். யோசனையைச் செயலாக மயங்குவது நகர வரலாறு எழுதுவோரிடம் மிகுதியாகக் காணும் குற்றம். திட்டப்படங்கள் கண்ணுக்கு அழகாக இருப்பதும், நடந்தவற்றின் காகிதங்கள் தூசி படிந்து கிடப்பதுமே அதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

1939 சென்னைக்கு முந்நூறு ஆண்டு நிறைந்த வருஷம். அதையொட்டிப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதிய நகர வரலாறும், பலர் கட்டுரைகளைத் தாங்கிய முந்நூற்றாண்டு நினைவு மலரும் வெளிவந்தன. திட்டம் நடந்து பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம்; அதில் ஈடுபட்டோர் பலர் உயிரோடு இருந்தனர்; எனவே இவற்றின் சாட்சியம் அருகிலிருந்து வந்தது. அதே சமயம், விழாவுக்கென எழுந்தவை ஆதலின், நிலம் இழந்தவர் யார், எதிர்த்தவர் யார் என்ற வினாக்களுக்கு விடையை இவற்றிடம் எதிர்பார்த்துச் செல்லலாகாது. மலரைக் குறித்து ஒன்று சொல்லவேண்டும்: பலர் எழுதிய தொகுதிக்கு மொத்தமாக ஒரு குறிப்புரை எழுதுவது சோம்பல். எந்தக் கட்டுரையைப் படித்தோமோ அதன் ஆசிரியர், தலைப்பு, பக்க எண் ஆகியவற்றோடு தனிப்பதிவாகவே எழுதவேண்டும்.

பிற்காலத்தவருள் எஸ். முத்தையாவை விட்டுவிட்டுச் சென்னையைப் பற்றி எழுத முடியாது. 1981-இல் வந்த அவருடைய ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ பின்னர் பன்முறை விரிந்து வளர்ந்தது. நாளிதழ்ப் பத்திகளின் வழியாக அவர் திரட்டிய செய்திகளும் நகரவாசிகளின் நினைவுகளும் வேறெங்கும் கிடையா. ஆயின் அவர் பத்திரிகையாளர் என்ற முறையில் பொதுவாசகர்க்கு எழுதினார். செய்தியின் மூலம் எது என்று பக்கந்தோறும் அடிக்குறிப்பு தரும் மரபு அவருடையதன்று. எனவே ‘எங்கே தேடவேண்டும் என்பதற்கு ஒப்பற்ற வழிகாட்டி, தேடிக் கண்ட பிறகு மேற்கோள் காட்டவேண்டியது மூலத்தையே’ என்று குறிப்புரை எழுதுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. அவரைப் படித்தவர் பலர் அவர் சொன்னதையே தத்தம் நூல்களிலும் கட்டுரைகளிலும் திருப்பிச் சொல்லியிருக்கக்கூடும். அப்போது ஐந்து நூல்கள் ஒரே ஆண்டைக் கூறுவது ஐந்து சாட்சிகள் ஒத்துப்போவது ஆகாது, ஒரே சாட்சியின் ஐந்து எதிரொலிகள் ஆகும். இதைக் கண்டுகொள்ள வழி இருக்கிறது: செய்தி மட்டுமன்றிச் செய்தி சொல்லும் வரிசையும், உடன் வரும் உதாரணங்களும், சிறு பிழைகளுங்கூட ஒன்றாயிருந்தால், ஒன்றிலிருந்து மற்றது எடுக்கப்பட்டது என்று கொள்ளலாம். நூலடைவில் அத்தகைய பதிவின் கீழ் ‘இன்ன நூலைச் சார்ந்தது, தனி ஆதாரமாக எண்ணற்க’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், பின்னர் ஆய்வேடு எழுதும்போது அவ்வரி பெருந்துணையாகும்.

மேரி ஹான்காக் 2008-இல் வெளியிட்ட, சென்னையின் பாரம்பரிய அரசியல் பற்றிய நூல் வேறு வகையைச் சேர்ந்தது. நகரம் தன் பழமையை எவ்வாறு நினைவுகூர்கிறது, யாருடைய பழமை போற்றப்படுகிறது என்பதை ஆராயும் மானிடவியல் நூல் அது. ஏரி எந்த ஆண்டு மறைந்தது என்பதற்காக அதைப் புரட்டுபவர் ஏமாறுவார். நமது தெருப்பெயர்களில் எந்த நினைவு நின்றது என்று கேட்பவர்க்கு அதில் நல்ல கருவிகள் கிடைக்கும்.

புனைகதையைச் சரித்திர நூலடைவில் சேர்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். சேர்க்கலாம், ஆனால் எதற்குச் சாட்சி என்று அங்கேயும் சொல்லவேண்டும். செகந்தராபாத்திலிருந்து சென்னைக்கு வந்து தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அசோகமித்திரன், 1970-களில் ‘தண்ணீர்’ என்னும் நாவலை எழுதினார். நகரத்துத் தெருவொன்றில் குடங்களுடன் பெண்கள் படும் பாட்டை அவ்வளவு நுட்பமாக வேறெந்த அறிக்கையும் பதிவுசெய்யவில்லை என்பது என் துணிபு. ஏரி இருந்த நகரத்தில் குடிநீர்ப் பஞ்சம் என்ற பொருத்தம் எவரையும் ஈர்க்கும். ஈர்ப்பினால் ஒருவர், ஏரியைத் தூர்த்ததன் விளைவை இந்நாவல் காட்டுகிறது என்று எழுதிவிட்டால், நாவல் சொல்லாத காரணகாரியத்தை அதன் தலையில் ஏற்றியவராவார். ‘பஞ்ச காலத்து அன்றாட வாழ்வின் அனுபவத்துக்குச் சாட்சி, பஞ்சத்தின் காரணத்துக்குச் சாட்சியன்று’ என்பதே நேரிய மதிப்பீடு.

இவ்வளவு நூல்களையும் அடுக்கிய பின்னர், நாம் பகுத்துக்கொண்ட சம்பவங்களின் பக்கத்தில் அவற்றை வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும்: தீர்மானம், நிலக்கையகப்பாடு, நீர்வடிப்பு, மனைவிற்பனை ஆகியவற்றுள் ஒன்றுக்கேனும் அப்போதே எழுதப்பட்ட நேர்ச்சாட்சி இந்நூல்களில் இல்லை. அந்தச் சாட்சியம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் அரசாணைகளிலும், நகராட்சியின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளிலும் தேடவேண்டியது. அரசாணையை வாசிக்கும் முறை தெரியாமல் அதற்குக் குறிப்புரை எழுதுதல் இயலாது. ஆணையின் தலையில், ‘படிக்கப்பட்டவை’ என்று, முன்வந்த கடிதங்களும் மனுக்களும் பட்டியலிடப்பட்டிருக்கும். அதன் கீழேதான் ஆணை வரும். அவசரக்காரர் ஆணையை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் நிலத்துக்கு உரியவர் என்ன கேட்டார், அதிகாரி என்ன மறுத்தார் என்பன எல்லாம் மேலேயுள்ள கடிதங்களில் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே குறிப்புரையில் எண், துறை, தேதி ஆகிய மூன்றோடு, இணைந்த கடிதங்கள் கோப்பில் இருக்கின்றனவா, ஆணை மட்டும் எஞ்சியிருக்கிறதா என்பதையும் பதிந்துவைக்க வேண்டும்.

தேடும் சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அட்டவணையில் ‘தியாகராய நகர்’ என்று தேடுபவர், பெயர் சூட்டப்படுவதற்கு முந்தைய காகிதங்களையெல்லாம் தவறவிடுவார். ‘மாம்பலம்’ என்றும் ‘லாங் டாங்க்’ என்றும் தேடவேண்டும். இன்றைய செவாலியே சிவாஜி கணேசன் சாலையைப் பழைய காகிதங்களில் தேடுபவர் போக் சாலை என்றே தேடவேண்டும். எந்தச் சொல்லால் தேடி எந்தப் பதிவு கிடைத்தது என்பதை நூலடைவின் முகப்பில் ஒரு பத்தியாக எழுதிவைப்பவர், பின்வருவோர்க்குப் பாதி வழியைச் செப்பனிட்டவராகிறார்.

பத்திரிகைகளுக்கு இன்னொரு கவனம் தேவை. அக்காலத்தில் ‘திராவிடன்’, ‘ஜஸ்டிஸ்’ ஆகியவை நீதிக்கட்சியின் ஏடுகள். ‘சுதேசமித்திர’னும் ‘ஹிந்து’வும் தேசியப் பக்கத்தில் நின்றவை. நீதிக்கட்சி ஆட்சியில் நீதிக்கட்சித் தலைவரின் பெயரால் எழுந்த நகரைப் பற்றி இவை எழுதிய செய்தி எதுவும், ஏடு எந்தப் பக்கத்தது என்ற குறிப்பின்றி நூலடைவில் ஏறலாகாது. தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அடையாறு காந்தி நகரில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகமும் இவ்வகை ஆய்வாளர்க்கு அண்மையிலேயே இருக்கின்றன.

மதிப்பீடு எழுதுபவர் தம் அளவுகோலையும் அதில் எழுதிவிடுகிறார் என்பதற்குச் சென்னையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1865-இல் ஜான் மர்டாக் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், அதுவரை அச்சேறிய தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகுத்து, குறிப்புக்களுடன் ஓர் அட்டவணையைச் சென்னையில் வெளியிட்டார். தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்க்கு அஃது இன்றும் தவிர்க்கவொண்ணாத கருவி. நூற்றாண்டு கழிந்தபின் தமிழ்நாட்டு அரசின் ஆதரவில் அது மறுபதிப்பும் பெற்றது. ஆயினும், மதப்பிரசாரகர் எதை அறிந்திருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுந்த அக்குறிப்புக்களில், சைவ வைணவ நூல்களின் மீதான தீர்ப்பு அந்நோக்கத்தின் நிறத்தையே கொண்டிருக்கிறது. மர்டாக்கை நாம் இன்று படிக்கும்போது நூல்களைப் பற்றியும் அறிகிறோம், அவரைப் பற்றியும் அறிகிறோம். மாம்பலத்து நூலடைவை எழுதும் மாணவருக்கும் இது பொருந்தும்: ஏரி போனது இழப்பு என்ற முன்முடிவோடு எழுதுபவர், அதை முகப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை.

வரிசைமுறை பற்றி ஒரு சொல். அகரவரிசை பல பல்கலைக்கழகங்களின் விதி. விதி இருந்தால் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும், அப்போதும் முத்தையாவை ‘எஸ்’ என்ற தலைப்பெழுத்தின் கீழ் வைக்காமல் பெயரின் கீழ் வைப்பதே தமிழ்ப் பெயர்களுக்கு முறை. விதி இடங்கொடுத்தால், இத்தகைய கேள்விக்குக் காலவரிசையே சிறந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பது அப்போது தானே தெரிந்துவிடும். எழுதி முடித்த குறிப்புரை தேறுமா என்று சோதிக்க நான் மாணவர்களுக்குச் சொல்லும் உபாயம் ஒன்றுண்டு: நூற்பெயரை மறைத்துவிட்டு, குறிப்புரையை மட்டும் படித்துப் பார்க்கவேண்டும்; அது பட்டியலில் உள்ள வேறொரு நூலுக்கும் பொருந்துமானால், அதை அடித்துவிட்டு மீண்டும் நூலிடம் செல்லவேண்டும்.

ஆண்டுதோறும் நமது கல்லூரிகளில் எழுதப்படும் நூலடைவுகள், மதிப்பெண் இட்டவுடன் அலமாரியில் சில காலம் கிடந்து, பின்னர் எடைக்குப் போய்விடுகின்றன. மயிலாப்பூரையோ அடையாற்றையோ மாம்பலத்தையோ பற்றி ஒரு மாணவர் பத்துப் பன்னிரண்டு ஆதாரங்களை நேரில் பார்த்து, எது எதற்குச் சாட்சி என்று எழுதியிருந்தால், அடுத்த ஆண்டு வருபவர் அதே அட்டவணைகளை முதலிலிருந்து புரட்ட வேண்டியதில்லை. ஆகவே ஆராய்ச்சி நெறிமுறைப் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களிடம் நான் வேண்டுவது இது: தேறிய நூலடைவுகளை, எழுதியவர் சம்மதத்தோடு, துறை நூலகத்தில் பதிவெண் இட்டு, இடங்களின் பெயரால் அட்டவணைப்படுத்தி, கேட்பவர் எவர்க்கும் கிடைக்கும்படி வைத்துவிடுங்கள்.